குழுவில் என்னை வரவேற்ற செய்தி

மகளைத் தரம் ஒன்றில் சேர்த்த வாரம், வகுப்பாசிரியை பெற்றோரை ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிட்டு ஃபோன் இலக்கம் வாங்கினார். என் முறை வந்தபோது எங்கள் வீட்டில் வாட்ஸ்அப் இல்லை என்று சொல்லிவிட்டேன். அவர் நிமிர்ந்து பார்த்தார். என் கையில் இருந்த ஃபோனையும் பார்த்தார். நான் அதைப் பைக்குள் வைத்தேன்.

அப்போது நானும் மகளும் எஹலியகொட டவுனுக்கு வந்து அதிக நாளாகியிருக்கவில்லை. கொடகவெல பக்கத்துத் தோட்டம் ஒன்றில் இருந்த என் கணவரின் வீட்டிலிருந்து, அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து வந்திருந்தோம். ஏன் வந்தேன் என்பதற்கு என் இடது மணிக்கட்டு போதும். எலும்பு கூடிவிட்டது. ஆனால் வாளியைத் தூக்கும்போது கை முழுதாகத் திரும்பாது. சொந்தக்காரர்கள் யார் வீட்டுக்குப் போனாலும் அடுத்த நாளே அவர் வந்து நிற்பார் என்பதால், சொந்தம் யாரும் இல்லாத ஊராகப் பார்த்து வந்தேன். ஒரு முஸ்லிம் முதலாளியின் புடவைக்கடையில் வேலை கிடைத்தது. கடைக்குப் பின்னால் இருந்த அறையை அவருடைய மனைவி எங்களுக்குத் தந்தார். நான் எதை மறைக்கிறேன் என்று அவருக்குத் தெரியும். ஒருநாளும் கேட்கவில்லை.

ஆகவே எனக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். நாங்கள் எந்த ஊரில் இருக்கிறோம் என்பது என் கணவருக்குத் தெரியக்கூடாது.

இலக்கம் கொடுக்காமல் இரண்டு வாரம் ஓட்டினேன். அதற்குள் மகள் இரண்டு தடவை அழுதுகொண்டு வந்தாள். ஒருநாள் எல்லாப் பிள்ளைகளும் வெறும் தீப்பெட்டி கொண்டுவந்திருந்தார்களாம், இவள் மட்டும் இல்லை. இன்னொரு நாள் விளையாட்டு உடையில் வரச் சொல்லியிருந்தார்களாம், இவள் வெள்ளை உடுப்போடு மைதானத்தின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாளாம். ஆசிரியை என்னைக் கூப்பிட்டு, இப்போதெல்லாம் கொப்பியில் எழுதி அனுப்புவதில்லை, எல்லாம் குழுவில்தான் வருகிறது என்றார். கோபமாகச் சொல்லவில்லை. உயர்தரம் வரை படித்த தாய் பிள்ளையின் படிப்பில் இப்படி இருக்கலாமா என்று மட்டும் கேட்டார். அது போதுமாக இருந்தது. நான் சின்ன வயதிலிருந்தே ஆசிரியர் சொன்னால் செய்கிறவள்.

சேருவதற்கு முன் என்னால் முடிந்த எல்லாவற்றையும் செய்தேன். சிம் ஏற்கெனவே புதியது. சொந்தத்தில் யாருக்கும் அந்த இலக்கம் தெரியாது. முகப்புப் படத்தை எடுத்துவிட்டேன். என் பெயர் இருந்த இடத்தில் மகளின் பெயரின் முதல் எழுத்தை மட்டும் போட்டேன். கடைசியாக எப்போது வந்தேன் என்பது யாருக்கும் தெரியாதபடி மாற்றினேன். குழுவில் இருக்கும் எல்லோருக்கும் என் இலக்கம் தெரியும் என்பதை மாற்ற மட்டும் வழியில்லை. ஆனால் வெறும் இலக்கத்தை வைத்து யார் என்ன கண்டுபிடிப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிவிட்டு, கண்டுபிடிக்க மாட்டார்களா என்று மறுபடியும் யோசித்தேன். கடையில் சாரிகளை மடித்து அடுக்குகிற நேரமெல்லாம் இதே யோசனைதான்.

ஆசிரியை அனுப்பிய இணைப்பை அழுத்தினேன். நான் சேர்ந்துவிட்டேன் என்று ஒரு சாம்பல் நிற வரி வந்தது. அதற்கு மேலே எதுவும் இல்லை. இதுவரை அவர்கள் பேசியது ஒன்றும் புதிதாக வருகிறவருக்குத் தெரியாதாம். வெறும் அறைக்குள் நுழைந்தது போல இருந்தது. அந்த வெறுமை எனக்கு ஆறுதலாகவும் இருந்தது.

குழுவை நடத்தியது ஆசிரியை அல்ல. ஒரு தாய்தான் அட்மின். பக்கத்து ரப்பர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மனைவி, மகன் எங்கள் மகளோடு படிக்கிறான். எல்லோரும் அவரை அட்மின் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். ஆசிரியை அவருக்கு அனுப்புவார், அவர் குழுவில் போடுவார். தமிழ் வாசிக்கத் தெரியாத தாய்மார் நாலைந்து பேர் இருந்தார்கள். எங்கள் பக்கத்தில் கிட்ட இருக்கும் பள்ளிக்கூடம் சிங்களம் என்றால் பிள்ளைகள் அதில்தான் படிப்பார்கள்; அவர்களும் அப்படிப் படித்தவர்கள். அவர்களுக்காக ஒவ்வொரு அறிவித்தலையும் அட்மின் அக்கா தன் குரலிலும் பதிந்து போடுவார். பின்னால் கோழி கூவும், அவருடைய மாமியார் திட்டுவது கேட்கும். "நாளைக்கு பிள்ளைங்க மூணு விதமான இலை கொண்டு போகணுங்க. ரப்பர் இலை, தேயில இலை, இன்னொன்னு எதாவது. மாமி, கொஞ்சம் இருங்க, பேசிக்கிட்டு இருக்கேன்." அப்படிப்பட்டவர். யார் வீட்டில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் விசாரிப்பது அவராகத்தான் இருக்கும்.

சேர்ந்த அன்று காலையில் பள்ளிக்கூட கேட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"புதுசா? எந்தத் தோட்டம்ங்க நீங்க?"

இந்தக் கேள்வியை எதிர்பார்த்து ஒரு பதிலை வைத்திருந்தேன். டவுன் என்று சொல்வது. சொன்னேன்.

"டவுனு இப்ப. அதுக்கு முன்னாடி?"

எங்களிடம் இதற்குத் தப்ப முடியாது. பெயரைக் கேட்காமல்கூட இருப்பார்கள். எந்தத் தோட்டம், அதில் எந்த டிவிஷன், யார் வீடு என்று கேட்காமல் விடமாட்டார்கள். அதைச் சொன்ன பிறகுதான் நம்மை ஓர் ஆளாகக் கணக்கில் எடுப்பார்கள். பொய்யாக வேறு தோட்டம் சொல்லலாம் என்று நினைத்தேன். சொன்னால் அந்தத் தோட்டத்தில் அவருக்கு ஒரு சித்தி இருப்பார், பெரியப்பா இருப்பார், கோயிலுக்குப் பக்கத்து வீடா என்று கேட்பார். இரண்டாவது கேள்வியிலேயே பிடிபட்டுவிடுவேன். பிடிபட்டால் இன்னும் மோசம். அவர் முகத்தில் அவ்வளவு சிநேகம் வேறு. கொடகவெல பக்கம் என்றேன். தோட்டத்தின் பெயரைக் கேட்டார். சொன்னேன்.

"அங்கேருந்தா? எங்க நாத்தனார அந்தப் பக்கமிருந்துதான் பொண்ணு பாக்க வந்தாங்க. சரிப்படல. நல்ல சனம்."

அவ்வளவுதான். அவர் மகனின் சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டுப் போனார். நானும் கடைக்கு வந்தேன். பின்னேரம் நாலு மணி போல, ஒரு அம்மாவுக்குக் கல்யாணச் சாரிகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது ஃபோன் அதிர்ந்தது. அவர் போனதும் எடுத்துப் பார்த்தேன்.

அந்தச் செய்தி என்னிடம் இப்போது இல்லை. ஆனால் மறக்கவும் இல்லை.

"அனைவருக்கும் வணக்கம்! நம்ம தரம் 1 குடும்பத்துக்குப் புதுசா வந்திருக்கிற பெற்றோரை வருக வருகன்னு வரவேற்கிறோம். இங்க பாடசாலை விசயம் மட்டுந்தான் போடணும். குட் மோர்னிங் படம், லொத்தர், கை வைத்தியம், அரசியல் ஒன்னும் வேணாம். டீச்சர் வீட்டுவேலை போட்டா எல்லாரும் ஓகே ஓகேன்னு போட வேணாம், அறிவித்தல் மேல போய் மறைஞ்சிருது. பிள்ளைக்கு சுகமில்லன்னா குழுவில போடாம டீச்சருக்குத் தனியா அனுப்புங்க. ராத்திரி எட்டு மணிக்குப் பிறகு யாரும் போட வேணாம். வாசிக்க கஷ்டம்னா வெக்கப்படாம குரல்ல கேளுங்க, நான் சொல்றேன்."

அதுவரை வாசிக்கும்போது நல்ல செய்தி என்றே நினைத்தேன். இப்படி யாராவது எழுதுவார்களா என்றுகூடத் தோன்றியது. அதற்குப் பிறகு புதிதாக வந்தவர்களை ஒவ்வொருவராக அறிமுகப்படுத்தியிருந்தார். என்னுடையது மூன்றாவது. மகளின் முழுப் பெயர். அவளுடைய அம்மா, அதாவது என் பெயர். கொடகவெல பக்கத்து இன்ன தோட்டத்துப் பிள்ளை. இப்போது டவுனில் பஸ் நிலையத்துக்கு முன்னால் இருக்கும் புடவைக்கடையில் வேலை. நான் சொல்லாததை ஆசிரியையிடம் கேட்டு எழுதியிருப்பார். "தெரிஞ்சவங்க சொந்தக்காரங்க இருந்தா பேசிக்கங்க. தனியா இருக்காங்க, உதவியா இருப்போம்." கீழே ஒரு படம். முதலாம் தர விழாவில் எடுத்தது. மகள் நெஞ்சில் பூ வடிவ அட்டையோடு சிரிக்கிறாள், பின்னால் நான்.

சாரிகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்தடுத்து கைகூப்பும் படங்களும் பூக்களும் வந்து விழுந்தன. ஓகே போட வேண்டாம் என்று எழுதியதை யாரும் கவனிக்கவில்லை. ஒருவர் மட்டும், அந்தச் செய்தியில் என்னைப் பற்றிய பகுதியை வெட்டி ஒட்டி, கீழே கேட்டிருந்தார். "எந்த டிவிஷன்? எங்க மச்சான் கல்யாணம் கட்டினது அங்கதான்."

அட்மின் அக்காவுக்கு ஃபோன் எடுத்தேன். என்ன சொல்வது என்று யோசிக்காமலேயே எடுத்துவிட்டேன்.

"அக்கா, எங்களப் பத்திப் போட்டத எடுத்துருங்க."

"ஏம்மா, பேரு தப்பா?"

"இல்ல. வீட்டுக்காரருக்குப் பிடிக்காது."

அவர் சிரித்தார். "எங்க வீட்டுக்காரருக்கு நான் ஃபோன தொட்டாலே பிடிக்காது. அதெல்லாம் பாத்தா முடியுமா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது. சொன்னால் அதையும் யாரிடமாவது பரிதாபத்தோடு சொல்லுவார் என்று பயந்தேன். அவரைப் பற்றி நான் நினைத்தது சரியா தவறா என்று இன்றுவரை தெரியாது. தயவுசெய்து எடுங்க என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னேன். என் குரலில் என்ன கேட்டாரோ, சிரிப்பு நின்றது. "சரிம்மா, இப்பவே எடுக்கிறேன்" என்றார்.

எடுத்தார். படம் போனது. செய்தி இருந்த இடத்தில், இது நீக்கப்பட்டது என்ற வரி நின்றது. அந்த வரியைப் பார்த்ததும் அதுவரை வாசிக்காதவர்களும் என்ன, என்ன என்று கேட்கத் தொடங்கினார்கள். டிவிஷன் கேட்டவர் வெட்டி ஒட்டியதில் என் பெயரும் தோட்டமும் அப்படியே இருந்தன. அதையும் நீக்கச் சொல்லி மறுபடியும் ஃபோன் எடுத்தேன். மற்றவர்கள் போட்டதையும் அட்மினால் நீக்க முடியும். ஆனால் அட்மின் நீக்கியதாக அதிலேயே காட்டும். அவர் அதையும் செய்தார். யாரெல்லாம் வாசித்தார்கள் என்று பார்க்கச் சொன்னேன். அது அனுப்பியவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் ஃபோனில் தேடினார். பிறகு, அழித்துவிட்டதால் இப்போது பார்க்க முடியவில்லை என்றார். "ஆனா நெறையப் பேரு பாத்திருப்பாங்கம்மா. நாலு மணிக்குத்தான் எல்லாரும் வேல முடிஞ்சு ஃபோனப் பாக்குறது."

அன்றே புறப்பட்டிருக்க வேண்டுமா? முதலாளியின் மனைவி அதைத்தான் சொன்னார். "புள்ள, கொழும்புல எங்கட தங்கச்சி வீடு இருக்குது. கொஞ்ச நாளைக்குப் போய் இருங்க." நான் யோசித்தேன். மகள் இப்போதுதான் எழுத்துக்கூட்டத் தொடங்கியிருந்தாள். பக்கத்தில் உட்காரும் பிள்ளையின் பெயரைத் தூக்கத்தில் சொல்லும் அளவுக்குச் சிநேகம். ஒருவேளை அந்த மச்சான் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லாமல் இருக்கலாம். ஒருவேளை அந்தத் தாய் மறந்திருக்கலாம். ஒவ்வொரு ஒருவேளையும் ஒரு நாளைக் கொடுத்தது. மகளை நானே கொண்டுபோய் விட்டேன், நானே கூட்டிவந்தேன். பஸ் நிலையத்தில் இறங்குகிறவர்களைக் கடைக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ரத்தினபுரி பஸ் வரும்போதெல்லாம் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன்.

ஆசிரியையிடம் போய், என்னைத் தவிர யாரிடமும் பிள்ளையைக் கொடுக்க வேண்டாம் என்று சொன்னேன். அவர் என்னைப் பாடசாலை அதிபரிடம் கூட்டிப்போனார். அதிபர் நல்லவர்தான். தகப்பன் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறவர், அவரை மறுப்பதற்கு நீதிமன்றக் கடிதம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இல்லை. கொடகவெலயில் இருந்தபோது ஒரு தடவை பொலிசுக்குப் போயிருந்தேன். அங்கே இருந்தவர் என் கையைப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சமாதானமாக இருங்கள் என்று சிங்களத்தில் மரியாதையாகச் சொன்னார். அதை எழுதிக்கூட வைக்கவில்லை. நீதிமன்றத்தில் பாதுகாப்பு உத்தரவு கேட்கலாம் என்று அதிபர்தான் சொன்னார். கேட்டால் கணவருக்கு அழைப்பாணை போகும், அழைப்பாணையில் இந்த ஊரின் பெயர் இருக்கும். அதையும் யோசித்தேன்.

என் கணவர் வந்தது ஒரு வியாழக்கிழமை. நான் கடையில் இருந்தேன். பள்ளிக்கூடம் விடுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. அட்மின் அக்காவிடமிருந்து ஃபோன் வந்தது.

"தங்கச்சி, பாப்பாவோட அப்பா வந்திருக்காரு. கேட்டுல நிக்கிறாரு. இன்னைக்கு நான் கூட்டிட்டுப் போறேன்னு டீச்சர்கிட்ட சொல்றாரு. டீச்சர் உங்ககிட்ட கேக்கச் சொன்னாங்க." பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் போட்டதாலயா?"

கடையிலிருந்து ஓடினேன்.

நான் போய்ச் சேர்வதற்குள் பள்ளிக்கூடம் விட்டு, மகள் அப்பாவைக் கண்டு வெளியே ஓடிவந்துவிட்டிருந்தாள். அவர் கேட்டுக்கு வெளியே, மரத்தடியில் நின்றார். வெளுத்த சட்டை, தலை வாரியிருந்தார். மகள் அவருடைய ஒரு விரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மற்றக் கையில் உறிஞ்சுகிற ஐஸ் பக்கெட். உதடெல்லாம் சிவப்பு. என்னைப் பார்த்ததும் கத்தினாள், அப்பா வந்திட்டாரு என்று. அவள் அவ்வளவு சந்தோசப்படுவாள் என்று நான் நினைக்கவில்லை. அவளிடம் நான் அப்பாவைப் பற்றிக் கெட்டதாக ஒன்றும் சொன்னதில்லை. அது நல்லது என்று நினைத்திருந்தேன்.

ஆசிரியை கேட்டுக்கு உள்ளே நின்றார். அட்மின் அக்கா பக்கத்தில் நின்றார். பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்த தாய்மார் எல்லோரும் நின்றார்கள். குழுவில் வெறும் இலக்கமாக இருந்தவர்கள். எல்லோருக்கும் இப்போது எல்லாம் விளங்கிக்கொண்டிருந்தது.

"வா, போவோம்" என்றார் அவர். சத்தம் போடவில்லை. "சனம் பாக்குது."

நான் வரவில்லை, பிள்ளையை விடுங்க என்றேன்.

"நீ வராட்டி இரு. உன்ன யாரு இழுத்தா? எம்புள்ளய நான் கூட்டிட்டுப் போறேன்." பிறகு அட்மின் அக்காவைப் பார்த்துச் சிரித்தார். "நீங்கதானே அந்த அக்கா? ரொம்ப நன்றிங்க. எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா? கேகாலை, அரநாயக்க வரைக்கும் போனேன். நீங்க போட்டிருக்காட்டி கெடைச்சிருக்காதுங்க."

அட்மின் அக்கா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

ஆசிரியை அவரிடம் அதிபர் வரும்வரை பொறுக்கச் சொன்னார். அதிபர் வந்தார். பேசினார். தகப்பனும் தாயும் இருக்கும்போது பாடசாலையால் ஒன்றும் செய்ய முடியாது, வெளியில் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்றார். என் பக்கம் திரும்பி, பொலிசுக்கு அறிவிக்கவா என்று மெதுவாகக் கேட்டார். நான் என்ன சொன்னேன் என்று எனக்குச் சரியாக ஞாபகமில்லை. ஆம் என்று சொல்ல நினைத்தேன். பொலிஸ் வந்து பேசி முடிக்கும்வரை அவர் நிற்கமாட்டார், மகளைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார் என்று தோன்றியது. அவர் ஏற்கெனவே நடக்கத் தொடங்கியிருந்தார். மகள் அவரோடு துள்ளிக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்து, அம்மா வாங்க என்றாள்.

அவள் தனியாக அந்த வீட்டுக்குப் போவதா? அதைத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பின்னால் போனேன். கடையைத் தாண்டும்போது முதலாளியின் மனைவி வாசலில் நின்றார். அவர் ஏதோ கேட்டார். உடுப்பெல்லாம் இருக்கட்டும் உம்மா, பிறகு வருகிறேன் என்றேன். அந்த உடுப்புகளை எடுக்க நான் போகவே முடியவில்லை. மகளையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டைவிட்டு மறுபடி வெளியேற எனக்கு அடுத்த வருடம் வரை ஆனது. அது எப்படி என்பதை இங்கே எழுதமாட்டேன். எங்கே இருக்கிறோம் என்பதையும் எழுதமாட்டேன்.

ரத்தினபுரி பஸ்ஸில் மகளை நடுவில் உட்கார வைத்தார். குருவிட்ட தாண்டும்போது என் ஃபோன் அதிர்ந்தது. அட்மின் அக்கா குரல் செய்தி அனுப்பியிருந்தார், நீளமானது. கணவர் பக்கத்தில் இருக்கும்போது அதைக் கேட்க முடியாது. கேட்காமலே எனக்கு அதில் இருப்பது தெரியும். எழுதி அனுப்பினேன். "பரவாயில்ல அக்கா. நல்லதுக்குத்தானே போட்டீங்க." அனுப்பிய பிறகு, அப்படி எழுதியிருக்கக் கூடாதோ என்று நினைத்தேன். ஏனென்று கேட்டால் தெரியாது. அது உண்மைதான்.

"யாரு?" என்றார்.

"ஸ்கூல் குழு."

"இனிமே அந்த ஸ்கூல் எதுக்கு? வெளிய வா அதுலேருந்து."

அவர் பார்த்துக்கொண்டிருக்க, குழுவைத் திறந்தேன். அட்மின் அக்கா நாளைய அறிவித்தலைப் போட்டிருந்தார். வழக்கமான குரல் பதிவு அதோடு இல்லை. அன்று எழுத்து மட்டும்தான். வெளியேறும் இடத்தை அழுத்தினேன். நிச்சயமா என்று ஃபோன் கேட்டது. நான் வெளியேறுவது அட்மின்களுக்கு மட்டும்தான் தெரிவிக்கப்படும் என்றும் சொன்னது. அழுத்தினேன்.

மகள் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நாளைக்கு டீச்சர் களிமண் கொண்டுவரச் சொன்னாங்க, எங்கே எடுக்கிறது என்று கேட்டாள். தோட்டத்து ஓடையில் எடுக்கலாம் என்றேன்.